கடையில் இடுப்பு வலி: கேட்கும் முறையும் கொடுக்கும் முறையும்

மளிகை வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இடுப்பு வலி புதிதல்ல. காலையில் கடை திறந்து சாமி படத்துக்குப் பத்தி கொளுத்தி வைத்ததிலிருந்து, இரவு கல்லாவை எண்ணிக் கதவைச் சாத்தும் வரை குனிவதும் நிமிர்வதும் நிற்பதுமாகத்தான் நம் பிழைப்பு ஓடுகிறது. முதலாளிக்கு வலி வந்தால் கல்லாவில் மெத்தை வைத்த நாற்காலி போட்டுக் கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடையில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வலி வந்தால், அவர் நம்மிடம் வந்து கேட்டாக வேண்டும். அவர் எப்படிக் கேட்கிறார், நாம் என்ன பதில் சொல்கிறோம் என்பதில் ஒரு நல்ல ஆள் கடையில் நிற்பதும் போவதும் இருக்கிறது. இதில் நாங்கள் ஒரு முறை தவறு செய்தோம், ஒரு முறை சரியாகச் செய்தோம். இரண்டையும் நம் சங்க அன்பர்களுக்குச் சொல்வது பயன்படும் என்று எழுதுகிறோம்.

முதலில் நடந்த தவறு

எங்கள் பருப்பு மண்டியில் எடை போடும் வேலையில் ஒருவர் பதினான்கு வருடம் இருந்தார். கை சுத்தம், கணக்கு சுத்தம். ஒரு நாள் மத்தியானம், லாரியிலிருந்து சரக்கு இறங்கிக் கொண்டிருந்த நேரத்தில் எங்களிடம் வந்து, “அண்ணாச்சி, இடுப்பு ரொம்ப வலிக்குது, ஒரு ஸ்டூல் போட்டுக்கிடட்டுமா?” என்று கேட்டார். “கடையில ஆள் உக்காந்தா யாவாரமும் உக்காந்துரும்டே. தைலம் தேய்ச்சுக்கோ, ரெண்டு நாள் லீவு எடுத்துக்கோ” என்று சொல்லிவிட்டு லாரிக்காரரிடம் திரும்பிவிட்டோம். எங்கள் தகப்பனார் காலத்திலிருந்து கேட்டுப் பழகிய பேச்சு அது. தவறு என்று அப்போது தோன்றவில்லை.

அவர் மறுபடி கேட்கவேயில்லை. வலி போய்விட்டது என்று நாங்கள் நினைத்துக் கொண்டோம். அதன் பிறகு மாதத்தில் மூன்று நாள், நான்கு நாள் என்று லீவு விழ ஆரம்பித்தது. மத்தியான வேளையில் ஆளைக் காணாமல் தேடினால் குடோனில் சாக்குக் கட்டின் மேல் சாய்ந்திருப்பார். நாங்கள் கடிந்து கொண்டோம். ஒரு வருடத்துக்குள் வேலையை விட்டு நின்று, குறைந்த சம்பளத்துக்கு ஒரு மில்லில் காவல் வேலைக்குப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவருக்குச் சரக்கின் ரகம் பிரித்துப் பார்க்கவே எட்டு மாதம் ஆனது. ஒரு ஸ்டூலுக்குக் கணக்குப் பார்த்து, பதினான்கு வருட அனுபவத்தைக் கடையை விட்டு அனுப்பினோம்.

ஒரு காகிதத்தோடு வந்தவர்

இரண்டாவது சம்பவம் 2022ல் நடந்தது. சில்லறைப் பொட்டலம் போடும் பகுதியில் இருக்கும் ஒரு தம்பிக்கு எட்டு மாதமாக இடுப்பு வலி. அவர் சரக்கு இறங்கும் நேரத்தில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடை சாத்தும் நேரமாகப் பார்த்து வந்து, “அண்ணாச்சி, பத்து நிமிசம் பேசணும்” என்றார். கையில் ஒரு காகிதம் வைத்திருந்தார். அதில் எழுதியிருந்தது ஏறக்குறைய இதுதான்:

“அண்ணாச்சிக்கு வணக்கம். எனக்கு எட்டு மாதமாக இடுப்பில் வலி இருக்கிறது. டாக்டரிடம் காட்டிவிட்டேன். பயப்படும்படியான வியாதி இல்லை, வேலையை விட வேண்டாம், ஒரே நிலையில் வெகுநேரம் இருக்க வேண்டாம் என்று சொன்னார். அரை மணிக்கு மேல் ஒரே இடத்தில் நின்றால் வலி கூடுகிறது. மூட்டைக்குள் குனிந்து அள்ளும்போது கூடுகிறது. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. எடை போடுவது, பில் எழுதுவது, சரக்கு சரிபார்ப்பது எல்லாம் என்னால் முடியும். மூட்டை தூக்குவது மட்டும் இப்போது முடியாது. மூன்று விஷயம் கேட்கிறேன். எடை மேசைக்கு ஒரு ஸ்டூல் வேண்டும். மூட்டையைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க வேண்டும். மணிக்கு ஐந்து நிமிடம் நடக்க விட வேண்டும். ஒரு மாதம் இப்படிச் செய்து பார்க்கலாம். வேலை குறைந்தால் சொல்லுங்கள், மறுபடி பேசலாம்.”

இந்தக் காகிதத்தைப் படித்ததும், முதலாமவர் கேட்டதற்கும் இவர் கேட்டதற்கும் உள்ள வித்தியாசம் எங்களுக்குப் புரிந்தது. முதலாமவர் வலியைச் சொன்னார். வலியை நாம் பார்க்க முடியாது, அதனால் தைலத்தைச் சொல்லி அனுப்பிவிட்டோம். இவர் வலியைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தார். எந்த வேலையில், எந்த நிலையில், எவ்வளவு நேரத்தில் வலி கூடுகிறது என்பதையே அதிகம் எழுதியிருந்தார். அதை நாம் கடையில் நின்று கண்ணால் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். தன்னால் எது முடியும் என்பதையும் சொல்லியிருந்தார். அதனால் ‘இவரை வைத்துக் கொண்டு என்ன செய்வது’ என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை. ஒரு மாதம் என்று கெடு வைத்திருந்ததால் சரி என்று சொல்வதும் எளிதாக இருந்தது.

டாக்டர் சீட்டு விஷயத்திலும் அவர் விவரமாக நடந்து கொண்டார். ‘இரண்டு வாரம் ஓய்வு தேவை’ என்று எழுதிய சீட்டை வைத்து ஒரு கடைக்காரர் லீவு கொடுக்கலாமே தவிர, வேலையை எப்படி மாற்றுவது என்று தெரிந்து கொள்ள முடியாது. சாதாரண இடுப்பு வலிக்கு நாள்கணக்கில் படுத்திருப்பது நல்லதல்ல, முடிந்தவரை நடமாட்டத்தோடு இருப்பதே நல்லது என்றுதான் இப்போது மருத்துவர்களும் சொல்கிறார்கள். அதனால் இவர், தான் என்ன வேலை செய்கிறார் என்பதை டாக்டரிடம் விளக்கி, ‘கனமான மூட்டை தூக்கக் கூடாது, ஒரே இடத்தில் அரை மணிக்கு மேல் நிற்கக் கூடாது’ என்று எழுதி வாங்கி வந்திருந்தார். அப்படிப்பட்ட சீட்டுதான் கடைக்கு உதவும்.

ஸ்டூல் போட்டதில் வந்த பிழை

மறுநாளே வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டோம். பெரிய உதவி செய்துவிட்டதாக எங்களுக்கு நினைப்பு. நான்காம் நாள் பார்த்தால் தம்பி அதில் உட்காராமல் நின்று கொண்டிருக்கிறார். கேட்டதற்குத் தயங்கித் தயங்கி, “தோள்பட்டை வலிக்குது அண்ணாச்சி” என்றார். டேப் எடுத்து அளந்து பார்த்தோம். எடை மேசையின் உயரம் 34 அங்குலம். நாற்காலியின் உயரம் 17 அங்குலம். உட்கார்ந்தால் மேசை மார்புக்கு நேராக வந்தது. நாள் முழுவதும் கையைத் தூக்கியபடியே எடை போட வேண்டியிருந்தது. இடுப்பு வலிக்கு மருந்தாகப் போட்ட நாற்காலி தோள் வலியைக் கொடுத்தது.

பிறகு தச்சரை அழைத்து, 26 அங்குல உயரத்தில் ஒரு ஸ்டூல் செய்யச் சொன்னோம். உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கை மேசை மட்டத்துக்கு வர வேண்டும். அதுதான் அளவு. இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. கால் தொங்கினால் தொடையும் இடுப்பும் இழுபடும். அதற்காகத் தரையிலிருந்து 9 அங்குல உயரத்தில், கால் வைக்க ஒரு குறுக்குக் கட்டை அடித்தோம். முதுகு சாய்ந்து கொள்ள ஒரு குறுகிய பலகையும் வைத்தோம். எல்லாம் சேர்த்து ஒரு மூட்டை துவரம்பருப்பின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

ஸ்டூல் வந்துவிட்டது என்பதற்காக நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம் என்று நினைக்கக் கூடாது. வெகுநேரம் உட்காருவதும் இடுப்புக்குக் கெடுதல்தான். கல்லாவில் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தே வலி வாங்கிய முதலாளிகள் நம்மில் எத்தனையோ பேர். அரை மணி உட்கார்ந்தால் அரை மணி நிற்பது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நிற்கும்போது ஒரு காலை ஆறு அங்குல உயரக் கட்டை மேல் வைத்து, சிறிது நேரம் கழித்துக் காலை மாற்றிக் கொண்டால் இடுப்பின் பாரம் குறைகிறது. பழைய படிக்கல் பெட்டி ஒன்று இதற்குப் பயன்பட்டது.

குனிவதற்கு ஒரு கணக்கு

கேட்ட மூன்றில் எங்களுக்குச் சிறியதாகத் தோன்றியது மூட்டையை உயர்த்துவதுதான். கடைசியில் அதிகப் பலன் கொடுத்ததும் அதுதான். இதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். 50 கிலோ மூட்டையை அரைக் கிலோ பொட்டலமாகப் போட்டால் நூறு பொட்டலம். மேல் பாதி மூட்டை வரைக்கும் அவ்வளவு சிரமமில்லை, கைக்கு எட்டும். கீழ்ப் பாதிக்கு வந்ததும் தலையைச் சாக்குக்குள் விட்டுக் குனிந்துதான் அள்ள வேண்டும். பொட்டலத்துக்கு ஒரு முறை அள்ளினாலே ஐம்பது முறை குனிய வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு மூட்டை போட்டால் இருநூறு முறை. கையில் கனம் இல்லாவிட்டாலும், அப்படிக் குனிந்து நிமிரும்போதெல்லாம் உடம்பின் மேல் பாதியை இடுப்புதான் தூக்கியாக வேண்டும். இதை எங்கள் கடையில் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறோம், எண்ணிப் பார்த்ததில்லை.

இதிலும் முதலில் பிழை செய்தோம். முழு மூட்டையை ஒன்றரை அடிப் பலகை மேல் தூக்கி வைத்தோம். மூட்டையின் வாய் கழுத்துக்குச் சற்றுக் கீழே வந்துவிட்டது. மேல் பாதியை அள்ளவே முடியவில்லை. அதற்குப் பிறகு தம்பியே ஒரு யோசனை சொன்னார். எடை மேசையை ஒட்டி 24 அங்குல உயரத்தில் ஒரு பெஞ்சு போட்டு, அதன் மேல் 10 அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டி ஒன்றை வைத்தோம். தொட்டியின் விளிம்பும் மேசை மட்டமும் ஒன்றாக வந்தன. குடோனிலிருந்து சரக்கு கொண்டுவருகிற இருவர், மூட்டையைத் தரையில் போடாமல் நேராகத் தொட்டியில் பாதியைச் சாய்த்துவிட்டு, மீதியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். தீர்ந்ததும் அடுத்த பாதி. தரையில் போட்டு மறுபடி தூக்குகிற வேலையும் மிச்சமானது. இப்போது உட்கார்ந்தபடியே அள்ளலாம், நின்றபடியும் அள்ளலாம், குனிய வேண்டியதில்லை. கீழே சிந்துகிற சரக்கும் குறைந்தது.

ஐந்து நிமிடத்தைப் பற்றிய பயம்

மூன்றாவது கோரிக்கைதான் எங்களுக்குக் கசந்தது. மணிக்கு ஐந்து நிமிடம் என்றால் எட்டு மணி நேரத்துக்கு நாற்பது நிமிடம். அதற்கும் சம்பளம் கொடுக்க வேண்டுமா என்று மனம் கணக்குப் போட்டது. ‘வலி வந்தால் போய்க் கொஞ்சம் உட்கார், மற்ற நேரம் எதற்கு?’ என்று கேட்டோம். அதற்குத் தம்பி சொன்ன பதில் கவனிக்கத்தக்கது: “வலி வந்தப்புறம் உக்காந்தா அரை மணி ஆனாலும் அடங்க மாட்டேங்குது அண்ணாச்சி. வரதுக்கு முன்னாலயே எந்திரிச்சு நடந்துட்டா அஞ்சு நிமிசத்துல சரியாயிடுது.”

அனுபவத்தில் அது உண்மையாகவே இருந்தது. வலியைப் பார்த்து ஓய்வு எடுத்தால் என்ன நடக்கிறது? வலி குறைவான நாளில் ஒரே மூச்சாக வேலை செய்து, மறுநாள் எழ முடியாமல் லீவு போட நேரும். கடிகாரத்தைப் பார்த்து ஓய்வு எடுத்தால் நல்ல நாளும் கெட்ட நாளும் ஒரே அளவில் ஓடும். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டுக்கு வந்ததும் அவர் எழுந்துவிடுவார். வாடிக்கையாளர் நின்றால் அவரை அனுப்பிவிட்டு எழுவார். அந்த ஐந்து நிமிடமும் வீணாகவில்லை. பில் சீட்டுகளைக் குடோனுக்குக் கொண்டு போவது, இருப்பு எண்ணி வருவது என்று நடந்து செய்யும் வேலைகளை அந்த நேரத்துக்கு ஒதுக்கினோம். ஒரு மாதம் கழித்து நோட்டைப் பார்த்தால், நாள் ஒன்றுக்குப் போட்ட பொட்டலத்தின் எண்ணிக்கை குறையவில்லை. அதற்கு முன் மூன்று நாள் விழுந்த லீவு அந்த மாதம் ஒரு நாள்தான்.

மற்றவர்கள் முணுமுணுத்தபோது

“அவனுக்கு மட்டும் ஸ்டூல், எங்களுக்கு இல்லையா?” என்ற பேச்சு இரண்டாம் வாரமே வந்துவிட்டது. இதை அடக்குவதைவிட, எல்லோருக்கும் உட்கார இடம் கொடுத்துவிடுவதே நல்லது என்று முடிவு செய்தோம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கோழிக்கோட்டில் ஜவுளிக் கடைகளில் வேலை செய்த பெண்கள் பல வருடம் போராடியதன் பிறகு, 2018ல் கேரளத்தில் கடை ஊழியர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் 1947ஆம் வருடத்திய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் அப்படியே ஒரு திருத்தம் வந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரும்படி, எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். நான்கு மணி நேர வேலைக்குப் பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு என்பது அதே சட்டத்தில் முன்பே உள்ளதுதான். கால் மணியில் சாப்பிட்டு எழ வைக்கும் வழக்கம் நம் பல கடைகளில் இருக்கிறது என்பதை நாமே ஒப்புக் கொள்ள வேண்டும்.

சட்டம் உட்கார இடத்தைச் சொல்கிறது. ஸ்டூல் எத்தனை அங்குலம், தொட்டி எங்கே என்பதையெல்லாம் கேட்பவரும் கொடுப்பவரும் பேசித்தான் முடிவு செய்ய முடியும். எல்லோருக்கும் ஸ்டூல் வந்த பிறகு முணுமுணுப்பு நின்றது. மூட்டை தூக்குவதில் மட்டும் தம்பிக்கு விலக்கு. அதற்குப் பதிலாகச் சாயங்காலம் இருப்பு எடுக்கும் வேலையை, யாரும் விரும்பாத அந்த வேலையை, அவர் எடுத்துக் கொண்டார். இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டோம்.

இதன் எல்லை எது

இந்த மாற்றங்களால் அவருக்கு வலி போய்விடவில்லை. இன்றும் மழை நாட்களில் கஷ்டப்படுகிறார். வலியோடு வேலை செய்ய முடிகிறது என்ற அளவுதான். சில அறிகுறிகளுக்கு ஸ்டூலும் ஓய்வும் போதாது. இடுப்பு வலியோடு காலில் பலம் குறைந்தாலோ, மர்ம ஸ்தானத்தைச் சுற்றி மரத்துப் போனாலோ, சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு போனாலோ அன்றே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது இருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் தள்ளிப் போடக் கூடாது.

சென்ற தீபாவளிக்குச் சரக்கு வாங்க அந்தப் பழைய எடைக்காரர் எங்கள் கடைக்கு வந்தார். பருப்பைக் கட்டிக் கொடுக்கும் வரை எடை மேசைப் பக்கம் நின்றிருந்தவர், ஸ்டூலின் குறுக்குக் கட்டையில் காலை வைத்துப் பார்த்தார். “நல்லா இருக்கு அண்ணாச்சி, இது எப்பப் போட்டீங்க?” என்றார். சொன்னோம். வேறொன்றும் அவர் கேட்கவில்லை. எங்களுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. அன்று லாரிக்காரரைக் காரணம் காட்டித் திரும்பியது தவறு என்று அவரிடம் சொன்னோம். “அதெல்லாம் விடுங்க” என்று பையைத் தூக்கினார். ஒரே கையில் தூக்காமல் இரண்டு பையாகப் பிரித்துக் கட்டித் தரச் சொல்லியிருந்தார்.

அன்பர்கள் தங்கள் கடையில் எடை மேசையின் உயரத்தையும் ஸ்டூலின் உயரத்தையும் ஒரு முறை அளந்து பாருங்கள். மூட்டை தரையில் இருந்தால், ஒரு மூட்டை தீர்வதற்குள் எத்தனை முறை குனிகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் பிள்ளைகள் யாராவது வெளியூரில் சம்பளத்துக்கு வேலை செய்து இடுப்பு வலியால் அவதிப்பட்டால், அந்தத் தம்பி எழுதியது போல ஒரு காகிதம் எழுதிக் கொண்டு, முதலாளிக்கு ஓய்வான நேரமாகப் பார்த்துப் போய்க் கேட்கச் சொல்லுங்கள்.